பிள்ளையின் கையெழுத்தில் நாலு தாள்: வகுப்பறை எழுத்து மாதிரி எடுத்து வைக்கும் முறை

சில வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்பில் ஒரு பெண் ஒப்படைவு எழுதிக் கொண்டு வந்தாள். தலைப்பு பவானி ஜமுக்காளம். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு மழைக்காலத்தில் குழியின் ஈரம் முழங்கால் வரைக்கும் ஏறும் என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை வகுப்பில் வாய் திறந்து பேசாத பிள்ளை அவள். "யாரு அம்மணி எழுதிக் குடுத்தது?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த ஒப்படைவு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, அதுவும் உரைநூலில் உள்ளபடி வரிக்கு வரி. அந்த ஜமுக்காளக் கட்டுரையை அவளேதான் எழுதினாள் என்பது அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் தோழி மூலமாகத் தெரிந்தது.

அன்று என்னிடம் அவள் எழுத்து ஒரு தாள் இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த ஜூனிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் வகுப்பறையில், என் கண் முன்னால் எழுதிய நாலு தாள் வாங்கி வைக்கிறேன். கோபிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியனாக அதை எப்படிச் செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். மற்ற பாட ஆசிரியர்களும் கல்லூரிக்காரர்களும் அவரவர் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது, எத்தனை

பதினோராம் வகுப்பில்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. சத்தி, அந்தியூர், நம்பியூர் என்று பல ஊர்ப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். பத்தாம் வகுப்புவரை அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது நமக்குத் தெரியாது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். சேர்க்கை முடிந்திருக்காது, புத்தகம் வந்திருக்காது, புது இடத்துப் பயத்தில் பிள்ளைகள் கை கட்டுப்பட்டு எழுதும். இரண்டாம் வாரத்தில் தொடங்கி நாலு வாரத்தில் நாலு தாள், வாரத்துக்கு ஒன்று.

ஒரே நாளில் நாலு பக்கம் வாங்கினால் அது ஒரு மாதிரிதான். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்த பையனின் எழுத்து வருடம் முழுவதும் காய்ச்சலாகவே இருக்கும். வேறு வேறு நாளில் எழுதிய நாலு தாளிலும் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது அவனுடைய பழக்கம்.

நாலும் நாலு வகையாக இருக்க வேண்டும். முதலாவது, தனக்கு நடந்த ஒன்றைச் சொல்வது. இரண்டாவது, தான் செய்யும் ஒரு வேலையை அதைப் பார்த்திராத ஒருவருக்கு விளக்குவது. மூன்றாவது, ஒரு விஷயத்தில் தன் கருத்தைக் காரணத்தோடு சொல்வது. நாலாவது, நாம் கொடுக்கும் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றி எழுதுவது. கதை சொல்லும்போது 'அப்புறம்' என்று போகிற பிள்ளை, கருத்துச் சொல்லும்போது 'எனவே' என்று எழுதலாம். பின்னால் வரப்போகிற ஒப்படைவு கருத்துக் கட்டுரையாக இருக்கும். அதைக் கதைத் தாளோடு வைத்துப் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் திருடனாகத்தான் தெரிவான்.

தலைப்பு

மனப்பாடம் செய்த கட்டுரை வந்துவிடாத தலைப்பாகப் பார்க்க வேண்டும். 'நீரின்றி அமையாது உலகு', 'நூலகம்', 'சுற்றுச்சூழல்' என்று கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கோடு போட்டு, பத்தாம் வகுப்பில் உருப்போட்டது அப்படியே இறங்கும். அது உரைநூல் எழுதியவரின் எழுத்து. தேர்வு விடைத்தாளை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் நான் சொல்லும் பதில் இதுதான். விடைத்தாளில் பாதிக்கு மேல் மனப்பாடம்.

நான் கொடுத்தவற்றில் நன்றாக வேலை செய்த சில: உங்கள் ஊர் நோம்பியில் நீங்கள் நின்று பார்த்த ஒரு இடம். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றுக்குப் போனது, அல்லது போக முடியாமல் போனது. மஞ்சள் வேகவைக்கும் நாளில் உங்கள் வேலை என்ன. தறி, பட்டறை, கடை, தோட்டம், இதில் ஏதாவது ஒன்றில் ஒரு மணி நேரம். காலையில் வீட்டு வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மாற்ற வேண்டுமா. ஒவ்வொரு தடவையும் இரண்டு தலைப்புக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும், திருப்பூரிலிருந்து வரும் பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைக்கும் எழுத ஒன்று இருக்க வேண்டும். வீட்டுத் துக்கத்தைக் கிளறும் தலைப்பு வேண்டாம். 'உங்கள் அப்பா' என்று ஒரு தடவை கொடுத்து, ஒரு பையன் வெறுந்தாளைக் கொண்டு வந்து வைத்தான்.

எழுதும் பாடவேளை

முதல் நாளே எதற்கு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "இதுக்கு மார்க் இல்லை. இது உங்க எழுத்து எப்படி இருக்குன்னு நான் தெரிஞ்சு வெச்சுக்கறதுக்கு. பின்னாடி நீங்க நல்லா எழுதி, யாராச்சும் 'இது இவன் எழுதலை'ன்னு சொன்னா, நான் இதை எடுத்துக் காட்டுவேன்." பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொல்லுங்கள். மறைத்து வாங்கிய மாதிரி பிற்பாடு வெளியே வந்தால், பிள்ளைகளுக்கு அது பொறி வைத்தது போல் இருக்கும். மார்க் உண்டு என்று சொன்னாலோ பக்கத்துப் பையனின் வரி உள்ளே வந்துவிடும்.

தாளை நாம் கொடுக்க வேண்டும். கோடு போட்ட ஒரே அளவுத் தாள், பேனா மட்டும், வெள்ளை மை கூடாது. தப்பு வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுதட்டும். அடித்ததும் எனக்கு வேண்டும். பிள்ளை எந்தச் சொல்லை எழுதி, எந்தச் சொல்லுக்கு மாறினான் என்பது அதில்தான் தெரியும். தாளின் மேல் மூலையில் வரிசை எண், தேதி, பாடவேளை, தலைப்பு. பின்பக்கத்தில் முதல் ஐந்து நிமிடம் யோசித்ததைக் கிறுக்கிக்கொள்ளலாம். பிறகு 25 நிமிடம் எழுத்து. 45 நிமிடப் பாடவேளையில் இது தாராளமாக அடங்கும்.

பத்தாவது நிமிடத்தில் "எல்லாரும் எழுதிட்டிருக்கிற வரிக்கு நேரா ஓரத்துல ஒரு சின்னக் கோடு போடுங்க" என்று சொல்வேன். பத்து நிமிடத்தில் எத்தனை வரி என்பது பிள்ளையின் வேகம். பத்து நிமிடத்தில் ஐந்து வரி எழுதுகிற பிள்ளை ஒரே இரவில் எட்டுப் பக்கம் எழுதி வந்தால், கேள்வி கேட்க அது ஒரு இடம். அதே பிள்ளை நாலு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தால் கேள்வியே இல்லை.

எழுதும்போது நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். கரும்பலகையில் குறிப்புச் சொற்கள் எழுதக் கூடாது. "ஐயா, 'முயற்சி'க்கு எந்த 'ற'ங்க?" என்று கேட்டால், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே எழுது கண்ணு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது. பெஞ்சுக்குப் பெஞ்சு போய்த் திருத்தவும் கூடாது. ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தாள் நம்முடைய தாளாகிவிடும். முடிந்ததும் வாங்கி வையுங்கள், சிவப்பு மை வேண்டாம். திருத்திக் காட்ட ஆசையாக இருந்தால் நகல் எடுத்து அதில் திருத்துங்கள்.

படித்து அட்டை எழுதுவது

இதுதான் நேரம் பிடிக்கும் வேலை. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் நாற்பது பேருக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை. அதில் நாலு விஷயம்தான் பார்ப்பேன்: வாக்கியம் எவ்வளவு நீளம், வாக்கியங்களை எதால் கோக்கிறான், என்ன தப்பைத் தவறாமல் செய்கிறான், உதாரணத்தை எங்கிருந்து எடுக்கிறான்.

போன வருடத்து 17-ஆம் எண் பையனின் இரண்டாவது தாளிலிருந்து ஒரு பத்தி, அவன் எழுதியபடியே:

"காலைல ஆறு மணிக்கு கட்டுத்தரைக்கு போவேன். மொதல்ல சாணி எடுத்துட்டு அப்புறம் தட்டு போடுவேன். எருமை ரெண்டு, மாடு ஒன்னு. மாடு ஒதைக்காது ஆனா எருமை ஒதைக்கும். அப்புறம் போசியில தண்ணி ஊத்தி மடிய கழுவனும். எங்க அப்புச்சி சொல்லுவாரு மடி கழுவாம பால் பீச்சினா சொசைட்டில சேத்திக்க மாட்டாங்கனு."

ஆறு வாக்கியம், 36 சொல். சராசரி ஆறு. கடைசி வாக்கியம் மட்டும் பத்துச் சொல். வாக்கியங்களைக் கோப்பது 'அப்புறம்'. 'ஆனா' வருகிற இடத்தில் காற்புள்ளி இல்லை. 'எருமை ரெண்டு, மாடு ஒன்னு' என்று பொருளை முன்னால் சொல்லி எண்ணிக்கையைப் பின்னால் வைக்கிறான். முடிக்கும்போது வேறொருவர் சொன்னதைக் கொண்டுவந்து முடிக்கிறான். 'கட்டுத்தரைக்கு போவேன்' என்பதில் 'ப்' விட்டுப் போயிருக்கிறது.

இதில் எதை அட்டையில் ஏற்றுவது? 'ப்' விட்டதை ஏற்றக் கூடாது. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றை விடுவது வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளிடம் உண்டு. 'கழுவணும்' என்பதை 'கழுவனும்' என்று எழுதுவதும் பாதிப் பேர். எல்லோரிடமும் இருக்கும் தப்பு யாருடைய அடையாளமும் ஆகாது. 'நோம்பி', 'போசி', 'பொழுதோட', 'மக்யா நாளு' என்கிற நம் பக்கத்துச் சொற்களும் அப்படித்தான். வேறு ஊரிலிருந்து மாறுதலாகி வந்த ஆசிரியருக்கு அவை அந்தப் பிள்ளையின் தனி அடையாளமாகத் தோன்றும். இங்கே பிறந்த ஆசிரியர்களான நமக்கு எதிர்ப் பக்கத்துத் தொல்லை. நமக்கே பழகிய பேச்சு என்பதால், ஒரு பிள்ளை மட்டும் ஒரு சொல்லை விடாமல் எழுதுவது கண்ணில் படாது. அதனால் அட்டை எழுதும்முன் வகுப்பின் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை வேகமாகப் படித்துவிட வேண்டும். வகுப்புக்கே பொதுவானதைத் தனித் தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளது எதுவும் யார் அட்டையிலும் ஏறக் கூடாது.

17-ஆம் எண்ணுக்கு நான் எழுதிய அட்டை: "வாக்கியம் 4 முதல் 8 சொல், பத்தியின் கடைசி மட்டும் நீளம். அப்புறம். எனவே, ஆகவே நாலு தாளிலும் இல்லை. பொருள் முன், எண் பின். முடிவில் அப்புச்சியோ அம்மாவோ சொன்னது. உதாரணம் கட்டுத்தரை, வாய்க்கால், சொசைட்டி. பத்து நிமிடத்தில் 9 வரி."

'அப்புறம்', 'எனவே' மாதிரி சின்னச் சொற்களுக்கு ஏன் இத்தனை இடம் என்று கேட்கலாம். பெரிய சொற்கள் தலைப்போடு வரும், தலைப்போடு போகும். மஞ்சளைப் பற்றி எழுதினால் எல்லோரும் மஞ்சள் என்றுதான் எழுத வேண்டும். சின்னச் சொற்களை யாரும் யோசித்து எழுதுவதில்லை, கை தானாக எழுதுகிறது. அமெரிக்காவில் 1787, 1788-இல் ஒரே புனைபெயரில் வந்த அரசியல் கட்டுரைகளில் 12-ஐ எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்ற வழக்கு வெகுநாள் தீராமல் இருந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் இப்படிப்பட்ட சின்னச் சொற்களை எண்ணிப் பார்த்து, அவை மேடிசனுடையவை என்று 1964-இல் வெளியிட்டார்கள். 'மேல்' என்ற பொருளில் 'அப்பான்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதுவது ஹாமில்டனின் வழக்கம், மேடிசன் அதை அரிதாகத்தான் எழுதுவார். ஆனால் அவர்கள் கையில் ஆயிரக்கணக்கில் சொற்கள் இருந்தன. நம்மிடம் ஒரு தாளுக்கு நூற்றைம்பது சொல். அதை வைத்துக்கொண்டு சதவீதம் போடுவது தப்பு. எண்ணிக்கை நம் கண்ணுக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

ஒப்பிடுவது: 17-ஆம் எண்ணின் வாய்க்கால்

அக்டோபரில் காலிங்கராயன் வாய்க்கால் பற்றி ஒப்படைவு கொடுத்தேன். 17-ஆம் எண்ணின் கட்டுரை இப்படித் தொடங்கியது: "கொங்கு மண்ணின் வேளாண் வளத்திற்கும் பொருளாதார மேம்பாட்டிற்கும் காலிங்கராயன் வாய்க்கால் இன்றியமையாத பங்காற்றி வருகிறது என்பது மறுக்க முடியாத உண்மையாகும்." பதினைந்து சொல். முதல் பக்கம் முழுக்க இதே நீளம். அந்தப் பக்கத்தில் அடுத்து வந்த ஒவ்வொரு பத்தியும் 'மேலும்' அல்லது 'எனவே' என்று தொடங்கியது. எந்தக் காரணத்தையும் மூன்று மூன்றாக அடுக்கியிருந்தது. ஒற்று ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

அட்டையை உடனே எடுக்கக் கூடாது. முதலில் கட்டுரையைக் கடைசிவரை படித்து, உறுத்தும் இடத்திலும் உறுத்தாத இடத்திலும் பென்சிலால் ஓரக் கோடு போட வேண்டும். சந்தேகத்தோடு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் வித்தியாசம் மட்டும்தான் கண்ணில் படும், ஒற்றுமை படாது. அப்படிப் படித்துக்கொண்டு போகும்போது மூன்றாம் பக்கத்தில் இது வந்தது:

"எங்க வயலுக்கு ராத்திரி முறை வந்தா அப்புச்சி பேட்டரி லைட் எடுத்துட்டு போவார். மடை ரெண்டு. மேல் மடைய அடச்சிட்டு அப்புறம் கீழ் மடைய தெறக்கனும். முறைத்தண்ணிய வீணாக்குனா பாவம்னு அப்புச்சி சொல்லுவாரு."

'மடை ரெண்டு.' இதைப் படித்ததும் அட்டையை எடுத்தேன். பொருள் முன், எண் பின். அப்புறம். முடிவில் அப்புச்சி. இந்தப் பத்தி அவனுடையது. முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் அட்டையில் உள்ளது ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். வகுப்பில் எழுதியது 25 நிமிடத்து முதல் எழுத்து. வீட்டில் எழுதுவது அடித்துத் திருத்தி எழுதுவது. அந்த வித்தியாசம் இயல்பானது. திருத்தி எழுதும்போது எழுத்துப் பிழை குறையும், ஒற்று சரியாகும், பத்தி ஒழுங்காகும், பேச்சு வழக்கு எழுத்து வழக்காக மாறும். இவற்றை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படக் கூடாது. திருத்தும்போது அவ்வளவு சுலபத்தில் மாறாதவை, வாக்கியத்தைக் கோக்கும் முறையும் உதாரணம் வரும் இடமும். 17-ஆம் எண்ணிடம் ஒரே கட்டுரைக்குள் இரண்டு கோப்பு இருந்தது. ஒரு பையன் தன் முதல் பக்கத்தை மட்டும் இப்படித் திருத்தி, மூன்றாம் பக்கத்தைத் தொடாமல் விடுவானா என்பதுதான் எனக்கு வந்த கேள்வி.

மதிய இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டேன். "தம்பி, நல்லா இருக்குது இந்த மடை சமாச்சாரம். இதுக்கு முன்னாடி 'பொருளாதார மேம்பாடு'ன்னு இருக்குதே, அது இந்த வாய்க்கால்ல என்னன்னு எனக்கு வெளக்கிச் சொல்லு" என்றேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, அது அக்கா போன்ல ஏஐல கேட்டுப் போட்டதுங்க. இந்தப் பக்கம் மட்டும் நான் எழுதுனதுங்க. இது நல்லா இல்லைன்னு அக்கா எடுக்கச் சொல்லுச்சு, நான்தான் உட்டுட்டேன்" என்றான்.

மறுநாள் கடைசிப் பாடவேளையில் அந்த மூன்றாம் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அவனையே எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. வாய்க்கால் எந்த ஊரைத் தொட்டுப் போகிறது, முறை எப்படி மாறுகிறது, தண்ணீர் நிற்கும் மாதத்தில் வீட்டில் என்ன பேச்சு, எல்லாம் இருந்தது. மதிப்பெண் அதற்குத்தான் போட்டேன். முதல் கட்டுரையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன், எங்கும் பதிவு செய்யவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்து விட்டுவிடுவது

அதே ஒப்படைவில் 31-ஆம் எண் பெண்ணின் கட்டுரை ஜூன் மாதத் தாள்களை விட ஒரு படி மேலே இருந்தது. வாக்கியம் நீண்டிருந்தது. ஜூனில் அவள் எழுதாத சொற்கள் இருந்தன. என்னோடு பணிபுரியும் ஒருவர் பார்த்துவிட்டு "இதுவும் போன்தான்" என்றார். அட்டையை எடுத்துப் பார்த்தோம். "வினையை முன்னால் தூக்கி வைப்பாள்: 'பிடிக்காது எனக்கு', 'வந்தது தண்ணீர்'. அழுத்தத்துக்கு 'தான்', பக்கத்துக்கு ஏழெட்டு. 'முயர்ச்சி', 'பயிர்ச்சி', நாலு தாளிலும். ஆள் பேர் சொல்லாமல் 'ஒருத்தர்' என்பாள்." கட்டுரையில் 'நிற்கவில்லை வாய்க்கால்' என்று இருந்தது. 'தான்' அங்கங்கே இருந்தது. 'முயர்ச்சி' இரண்டு இடத்தில். பிழைத்திருத்தம் செய்யும் கருவி அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்காது.

அவளிடம் எதையும் கேட்கவில்லை. பின்பு வேறு பேச்சில், காலாண்டு விடுமுறை முழுக்க ஊர் நூலகத்தில் இருந்ததாகச் சொன்னாள். அட்டை இல்லாவிட்டால் ஜமுக்காளம் எழுதிய பெண்ணிடம் கேட்டதை இவளிடமும் கேட்டிருப்பேன். எனக்கு இந்த நாலு தாளின் முதல் பயன் இதுதான். பிடிப்பதை விட விடுவிக்கத்தான் அவை அதிகம் உதவியிருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சதவீதம் சொல்லும் இணையக் கருவிகளில் கட்டுரையைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு கருவியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊர் பேர் தெரியாத கருவி சொல்லும் எண்ணை வைத்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க நான் தயாராக இல்லை.

எங்கே தவறும்

மாதிரி பழசாகிவிடும். பதினாறு வயதில் ஆறு மாதம் என்பது நீண்ட காலம். காலாண்டுக்குப் பிறகு ஒரு தாள், அரையாண்டுக்குப் பிறகு ஒரு தாள் புதிதாக வாங்கி, அட்டையில் தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். 31-ஆம் எண்ணின் நவம்பர்த் தாளில் நீண்ட வாக்கியம் வந்துவிட்டது. ஜூன் தாளை மட்டும் நம்பியிருந்தால் வருடம் முழுக்க அவள் சந்தேகத்தில் நின்றிருப்பாள்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளின் தாளைத் தனிக் கவனத்தோடு படியுங்கள். நம் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. திருப்பூர்ப் பக்கம் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழ் வழியில் படிக்கிறார்கள். எழுத்துத் தமிழைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்ற பிள்ளை, புத்தகம் போலத்தான் எழுதும். 'இன்றியமையாத' என்பது அதன் வாயில் இயல்பாக வரும். அப்படி எழுதுகிற பிள்ளைக்கு ஜூன் தாளே சாட்சி. அந்தத் தாள் கையில் இல்லை என்றால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

எழுத்துக் கூட்டுவதில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, தேர்வில் சொல்ல ஒருவர் எழுதும் பிள்ளை, இவர்களிடம் கையெழுத்துத் தாளோடு, வாயால் சொல்வதைக் கேட்டு அப்படியே நாம் எழுதிய ஒரு தாளும் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மற்றவர்களை விட அதிகம். வீட்டில் ஒருவர் கேட்டு எழுதிக் கொடுத்தால் கட்டுரை திடீரென்று நன்றாகிவிடும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கையால் எழுதிய மாதிரியோடு தட்டச்சு செய்த ஒப்படைவை ஒப்பிடும்போது நிறுத்தற்குறிகளையும் எழுத்துப் பிழையையும் கணக்கில் எடுக்காதீர்கள். போனில் தட்டும்போது விசைப்பலகையே பாதிச் சொல்லை முடித்துக் கொடுக்கிறது. வாக்கியக் கோப்பையும் உதாரணத்தையும் மட்டும் பாருங்கள்.

இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கவோ மதிப்பெண்ணைக் குறைக்கவோ கூடாது. நாலு தாளும் ஒரு அட்டையும் நமக்குத் தருவது ஒரு கேள்வி. பதில் பிள்ளையிடம் பேசியும், பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லியும்தான் வரும். அப்போதும் தீராவிட்டால் பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்வேன்.

தாள்களை வைத்திருப்பது

பிரிவுக்கு ஒரு கோப்பு, பூட்டுள்ள அலமாரி. படம் பிடித்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது. பிள்ளைகள் அந்தத் தாளில் வீட்டுக் கடன், அப்பா அம்மா சண்டை என்று மனதில் உள்ளதை எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து நாலு சுவரைத் தாண்டினால் அடுத்த வருடம் யாரும் உண்மையாக எழுத மாட்டார்கள். அட்டையில் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். பிள்ளை கேட்டால் தன் தாளையும் அட்டையையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்தால் கோப்பை அவரிடம் கொடுக்கலாமா என்பதில் எங்கள் பள்ளியிலேயே இரண்டு கருத்து உண்டு. நான் தாள்களைக் கொடுப்பேன், அட்டையைக் கொடுக்க மாட்டேன். அட்டை என் கண் பார்த்தது. அவர் தன் கண்ணால் படித்து எழுதிக்கொள்ளட்டும். பன்னிரண்டு முடித்துப் போகும்போது தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். 17-ஆம் எண் பையனுக்கு அடுத்த வருடம் கொடுக்க வேண்டும். கட்டுத்தரைத் தாள் மேலே இருக்கும்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.